முதல் ஏழு லாபமும் அடுத்து வந்த 214 விற்பனையும்

நான் ஆடிட்டர். ஜூலை மாதம் வந்தால் என் மேசையில் மற்றவர்களுடைய பங்குச் சந்தைக் கணக்குகள்தான் குவிந்து கிடக்கும். "லாபம்தான் சார், கொஞ்சம் டாக்ஸ் வரும்னு நினைக்கிறேன்" என்று சொல்லித்தான் பலரும் பேப்பரை நீட்டுவார்கள். 2022 ஜூலையில் அப்படி வந்த ஒருவருடைய கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு முப்பது வயது இருக்கும், நல்ல சம்பளத்தில் வேலை. 2020 ஜூன் தொடக்கத்தில் 50,000 ரூபாயோடு, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கைத் தொடங்கினார். டிசம்பருக்குள் ஏழு பங்குகளை வாங்கி விற்றதில் ஏழிலும் லாபம், கையில் 82,000 ரூபாய். ஆறே மாதத்தில் 64 சதவீதம் என்றால் யாருக்குத்தான் "நமக்கு இது வருகிறது" என்று தோன்றாது? ஆனால் அதே ஆறு மாதத்தில், ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி குறியீடு சுமார் 10,000 புள்ளியிலிருந்து 14,000 வரை, அதாவது ஏறக்குறைய 40 சதவீதம் ஏறியிருந்தது. கொரோனா வீழ்ச்சிக்குப் பிறகு சந்தை முழுவதுமே மேலே போன காலம் அது, சின்ன கம்பெனிப் பங்குகளில் பல அதைவிட வேகமாக ஏறின. அவர் வாங்கியது பெரும்பாலும் அந்த மாதிரிப் பங்குகள்தான். 64 சதவீதத்தில் பெரும்பகுதி சந்தை கொடுத்தது, அதை அவர் தன் திறமையின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஏற்படும் மாற்றத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். முதலில் தொகை பெரிதாகும், பிறகு எண்ணிக்கை கூடும். இவர் 2021 ஜனவரியில் ஒரு ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துப் போட்டார், மொத்த முதல் சுமார் மூன்றரை லட்சம் ஆனது. முன்பு ஒரு பங்கில் 15,000 போட்டவர் இப்போது 60,000 போட்டார். முதல் ஏழு வெற்றியும் சின்னத் தொகையில் கிடைத்தவை, இனி வரும் தவறுகள் நாலு மடங்கு தொகையில் நடக்கும் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. 2021-22 நிதியாண்டில் மட்டும் 214 முறை விற்றிருந்தார். எல்லாம் பங்கைத் தன் கணக்கில் வாங்கி வைத்துப் பிறகு விற்கும் டெலிவரிதான், அன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடே இல்லை, ஆப்ஷன் இல்லை. அதனால் தன்னை ட்ரேடர் என்று அவர் நினைக்கவே இல்லை, "நான் இன்வெஸ்டர் சார்" என்றுதான் சொன்னார்.

சரி, கணக்குக்கு வருவோம். 214 விற்பனை, சராசரியாக ஒவ்வொன்றும் 60,000 ரூபாய். போட்ட மூன்றரை லட்சம் அந்த ஒரு வருடத்தில் முப்பத்தாறு தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. செலவு போவதற்கு முன் லாபம் 41,000 ரூபாய். இதைப் பார்த்துத்தான் அவர் திருப்தியாக இருந்தார். டெலிவரிக்கு ப்ரோக்கரேஜ் இல்லாத ப்ரோக்கர் என்பதால் செலவே இல்லை என்று நம்பியிருந்தார். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைக் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, ஒவ்வொரு விற்பனைக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு தடவை வாங்கி விற்க 150 ரூபாய்தான். 214 தடவைக்கு 32,000 ரூபாய் ஆகிவிட்டது, போட்ட முதலில் 9 சதவீதம். வாங்கி விற்ற நாளில் மெயிலில் வரும் கான்ட்ராக்ட் நோட் என்ற ரசீதில், டிபி கட்டணம் தவிர மற்றதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது, திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

அப்புறம் வரி. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது எஸ்டிடியைச் செலவாகக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, இது பலருக்குத் தெரியாது. (வியாபார வருமானமாகக் காட்டினால் கழிக்கலாம், ஆனால் அப்போது லாபத்துக்குச் சம்பளத்தின் மேல் ஸ்லாப் வரி வரும்.) 32,000 செலவில் 25,700 எஸ்டிடி. ஆக 34,700 ரூபாய்க்கு, அப்போதைய 15 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 5,400. கையில் நின்றது 3,600 ரூபாய். 2024 ஜூலை 23 முதல் இந்த வரி 20 சதவீதம், இன்றைக்கு என்றால் இன்னும் குறைந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. விற்காமல் வைத்திருந்த ஆறு பங்குகளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எல்லாம் வாங்கிய விலைக்குக் கீழே இருந்தன, மொத்தம் 58,000 ரூபாய் குறைவு. ஏறியதைப் பத்து நாளில் விற்று லாபமாக எழுதிக்கொண்டார், இறங்கியதை "வித்தாதானே நஷ்டம்" என்று ஒதுக்கி வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த வருடம் அவருக்கு 54,400 ரூபாய் நஷ்டம். அதே வருடம் நிஃப்டி சுமார் 19 சதவீதம் ஏறியிருந்தது. மூன்றரை லட்சத்தை, நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஒரு இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருந்தால் 66,000 ரூபாய் சேர்ந்திருக்கும். இதை நான் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை பார்பர், ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம்தான் கிடைத்தது, சந்தை கொடுத்ததோ 17.9. இங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2022-23இல் இன்ட்ராடே செய்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம், வருடத்தில் 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு.

அவருக்கு நான் முதலில் சொன்னது ஒரு நோட்டு வாங்கச் சொல்லித்தான். வாங்குவதற்கு முன் தேதி, விலை, ஏன் வாங்குகிறேன், என்ன நடந்தால் விற்பேன் என்று நாலு வரி எழுத வேண்டும். எழுதிவிட்டு அன்றைக்கே வாங்கக் கூடாது, மறுநாள்தான். விற்கும்போது அந்த வரியைத் திரும்பப் படித்து, எழுதிய காரணத்தால்தான் ஏறியதா என்று பார்க்க வேண்டும். வேறு காரணத்தால் ஏறியிருந்தால் லாபம் வந்தாலும் பக்கத்தில் "அதிர்ஷ்டம்" என்று எழுதச் சொன்னேன். பழைய ஏழு வெற்றிக்கும் உட்கார்ந்து காரணம் எழுதச் சொன்னேன். ஐந்துக்கு அவரால் எழுத முடிந்தது "நண்பன் சொன்னான்" என்பது மட்டும்தான்.

இரண்டாவது, லாபம் வந்த மாதத்தில் தொகையைக் கூட்டக் கூடாது. ஒரு பங்குக்கு இவ்வளவு என்று வருடத்தில் ஒருமுறை, ஏப்ரலில் மட்டும் முடிவு செய்ய வேண்டும். வெற்றி வந்த சூட்டில் எடுக்கும் முடிவுதான் ரொம்ப ஆபத்தானது, நஷ்டத்தில் இருப்பவருக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். மாதத்துக்கு இரண்டு வாங்கல் என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ரோக்கர் தளத்திலிருந்து டாக்ஸ் பி அண்ட் எல் என்ற லாப நஷ்டக் கணக்கை எடுத்து, விற்றது, விற்காதது, செலவு மூன்றையும் சேர்த்து, அதே தேதிகளில் நிஃப்டி எவ்வளவு மாறியது என்று பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. அரை மணி நேர வேலைதான். ஏறும் சந்தையில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அப்போது எல்லோருடைய எண்ணும் பச்சையாகத்தான் இருக்கும்.

இவ்வளவு செய்தும் ஆசை அடங்கிவிடாது. 2024-இல் சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் போன் செய்தார். "சார், இந்த வருஷம் ஆறுல ஆறு லாபம், தொகையைக் கொஞ்சம் கூட்டலாமா?" நோட்டு பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. "ஆறையும் படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றேன். ஒவ்வொன்றாகப் படித்தார். நாலுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே "அதிர்ஷ்டம்" என்று இருந்தது. "சரி சார், ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.