செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போறீங்களா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க

நீங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினை ஓட விட்டு, ஏசியும் போட்டு வெச்சுட்டு "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்"னு கூப்பிடுறாங்களா, அப்ப முதல்ல "கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க"ன்னு சொல்லிடுங்க. ஏன்னா மீட்டர் போர்டுல இருக்கற வார்னிங் லைட் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரியறது சாவியை ஆன் பண்றதுக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்கும் நடுவுல இருக்கற அந்த சில செகண்டுலதான், இன்ஜின் ஓடிட்டு இருக்கற கார்ல அந்த வாய்ப்பு ஏற்கனவே போயிடுச்சு.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தின இடம் வரைக்கும் திருப்பி அப்படியே விடுங்க. புஷ் பட்டன் கார்னா பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காம பட்டனை அமுக்கினா போதும், பெரும்பாலான கார்ல ரெண்டு தடவை அமுக்கணும். இப்ப செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ், ஆயில், பேட்டரி எல்லாம் எரியணும். எரியறது கோளாறு இல்ல, "நான் இருக்கேன், என் பல்பு நல்லா இருக்கு"ன்னு ஒவ்வொண்ணும் ஆஜர் சொல்றது. இதுல எது எரியலையோ அதுமேலதான் சந்தேகம் வரணும், எரிஞ்சுகிட்டே இருக்கற லைட்டாவது உண்மையைச் சொல்லுது, எரியாத லைட்டை யாரோ வாயைக் கட்டி வெச்சிருக்கலாம். பல்பைக் கழட்டுறது, உள்ள கருப்பு டேப் ஒட்டுறது எல்லாம் பழைய வேலை.

அடுத்து எது எப்ப அணையுதுன்னு பாருங்க, விஷயமே இங்கதான் இருக்கு. ஏர்பேக் லைட் சுமார் ஆறு செகண்ட் எரிஞ்சுட்டு தானாவே அணையணும் (காருக்கு கார் கொஞ்சம் மாறும்), ஏபிஎஸ்ஸும் அதே மாதிரி சில செகண்டுல அணையும். அந்த நேரத்துல ஏர்பேக் மாட்யூல் ஒவ்வொரு ஏர்பேக்கோட வயர்லயும் ரொம்பச் சின்ன கரண்ட் விட்டு ரெசிஸ்டன்ஸ் பாக்குது, அது ரெண்டு ஓம் பக்கத்துல இருந்தா சரின்னு விட்டுடும். ஆனா ஆயில் லைட், பேட்டரி லைட் ரெண்டும் இன்ஜின் ஓட ஆரம்பிக்கற வரைக்கும் எரிஞ்சுகிட்டேதான் இருக்கணும், ஏன்னா ஆயில் பிரஷரும் இல்ல, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் சுத்தல. பெரும்பாலான கார்ல செக் இன்ஜின் லைட்டும் அதுவரைக்கும் எரியும்.

ஒரு 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக்கைப் பாக்குறீங்கன்னு வெச்சுக்குவோம். சாவி ஆன், எல்லாம் எரியுது, சந்தோஷம். பத்து செகண்ட் ஆச்சு, ஏபிஎஸ் அணைஞ்சுது, ஏர்பேக் அணையல. சரி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு பண்றீங்க, ஆயில் லைட் அணையற அதே நொடியில ஏர்பேக் லைட்டும் சேர்ந்து அணையுது. பக்கத்துல உக்காந்திருக்கறவர் "பாத்தீங்களா, எல்லாம் போயிடுச்சு"ன்னு சொல்வார், அவசரத்துல நமக்கும் அப்படித்தான் தோணும். ஆனா ஏர்பேக்குக்கும் இன்ஜின் ஓடறதுக்கும் சம்பந்தமே கிடையாது, ரெண்டும் ஒண்ணா அணையுதுன்னா ஏர்பேக் பல்போட வயரை யாரோ ஆயில் லைட் வயரோட முடிஞ்சு விட்டிருக்காங்கன்னு பலமா சந்தேகப்படலாம். இப்படி பண்ணதுக்கு காரணம் சின்னதாவும் இருக்கலாம், ஸ்டீயரிங்குக்குள்ள சுருண்டு இருக்கற கேபிள் அறுந்திருக்கலாம், சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் லூஸா இருக்கலாம். அடிபட்டு ஏர்பேக் வெடிச்ச வண்டியாவும் இருக்கலாம். அதனால ஸ்டார்ட் பண்ணாம பத்து செகண்ட் சும்மா உக்காந்து பாக்கணும், அவங்க செஞ்ச வேலை அப்பதான் தெரியும்.

இந்த சோதனைக்கும் ஒரு எல்லை இருக்கு. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஓம் ரெசிஸ்டரைச் சொருகிட்டா மாட்யூல் நம்பிடும், லைட்டும் ஒழுங்கா ஆறு செகண்டுல அணைஞ்சுடும். அங்க லைட் உதவாது, கண்ணுதான் உதவும். ஸ்டீயரிங் நடுவுல இருக்கற மூடியோட கலர் சுத்தி இருக்கறதோட ஒத்துப் போகுதா, டேஷ்போர்டு இடது பக்கம் ஒட்டுப்போட்ட கோடு தெரியுதா, சீட் பெல்ட்டை முழுசா இழுத்து அடியில லேபிள்ல தயாரிச்ச தேதி இருந்தா அது காரோட வருஷத்துக்குப் பொருந்துதான்னு பாக்கணும்.

இப்ப வண்டியை எடுங்க. நின்ன இடத்துல அணைஞ்ச ஏபிஎஸ் லைட் நகர ஆரம்பிச்சதும் மறுபடி வந்தா ஆச்சரியப்படாதீங்க, நிக்கும்போது வயரைத்தான் செக் பண்ண முடியும், சக்கரத்துல இருக்கற சென்சார் ஒழுங்கா சிக்னல் தருதான்னு சக்கரம் சுத்தினாத்தான தெரியும். மீட்டர்ல இருக்கற பிரேக் வார்னிங் லைட் வளைவுல மட்டும் மினுக்குனா பிரேக் ஆயில் குறைஞ்சு அலையுது, பேட் தேய்ஞ்சிருக்கலாம், இல்ல எங்கயோ கசியுது.

ஆயில் லைட்டுக்கு மட்டும் பொறுமை வேணும். அதோட ஸ்விட்ச் ரொம்ப சிம்பிள், பிரஷர் சுமார் 0.3லேருந்து 0.5 பாருக்குக் கீழ போனாத்தான் எரியும், அதாவது நிலைமை ரொம்ப மோசமானதுக்கு அப்புறம்தான் வாயைத் திறக்கும். காலையில குளிர்ந்த இன்ஜின்ல ஆயில் கெட்டியா இருக்கும், தேய்ஞ்ச பேரிங்லயும் பிரஷர் நல்லாவே நிக்கும். இருபது முப்பது நிமிஷம் டிராஃபிக்ல ஓட்டி நல்லா சூடானதும் ஐடில்ல விட்டுப் பாருங்க, அப்ப அந்த சிவப்பு எண்ணெய்க்குடுவை லேசா மினுக்கி, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைஞ்சுதுன்னா பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. "ஸ்விட்ச்தான் சார் போயிருக்கு"ன்னு சொன்னா அதுவும் நடக்கறதுதான், ஆனா மெக்கானிக் அந்த ஸ்விட்சைக் கழட்டி அதே துளையில பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தா கொஞ்ச நேரத்துல முடிவு தெரிஞ்சுடும், அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கடைசியா செக் இன்ஜின். இதை மறைக்க பல்பைத் தொடவே வேணாம், ஸ்கேனரை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டர்ல பதிவாகி இருக்கற ஃபால்ட் கோடை அழிச்சுட்டா போதும், சாவி ஆன்ல எரியும், ஸ்டார்ட் ஆனதும் அழகா அணையும், நீங்க ஓட்டற அரை மணி நேரத்துல வரவே வராது. ஏன்னா நிறைய கோளாறுகளை இன்ஜின் கம்ப்யூட்டர் ரெண்டு தனித்தனி ஓட்டத்துல பாத்து உறுதி பண்ணாத்தான் லைட் போடும். ஆனா கோடை அழிக்கும்போது இன்னொண்ணும் சேர்ந்து அழியுது, கம்ப்யூட்டர் தானே செஞ்சு முடிச்ச சோதனைகளோட கணக்கு. இந்தியாவுல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்ல ஸ்டீயரிங்குக்குக் கீழ ஓபிடி சாக்கெட் இருக்கும், அதுல ஒரு புளூடூத் ELM327 டாங்கிளைச் சொருகி போன் ஆப்ல அந்தக் கணக்கைக் காட்டற ரெடினஸ் பக்கத்தைத் திறங்க. நல்லா ஓடிட்டு இருக்கற கார்ல Catalyst, O2 Sensor எல்லாம் Complete காட்டும். நம்ம ஹேட்ச்பேக்ல அதெல்லாம் Incomplete, கூடவே Distance since codes cleared 6 கிலோமீட்டர்னு காட்டுதுன்னு வைங்க, வீட்டு வாசல்லேருந்து நீங்க ஓட்டினதே அஞ்சு கிலோமீட்டர்னா, கோடை அழிச்சப்புறம் நீங்க வர்ற வரைக்கும் வண்டி ஒரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.

"போன வாரம் பேட்டரி மாத்தினோம் சார்"னு ஒரு பதில் வரும். பேட்டரியைக் கழட்டினாலும் சில கார்ல இந்தக் கணக்கு அழியும், அதனால அவர் பொய் சொல்றாருன்னு எடுத்த உடனே சொல்லிட முடியாது, ஆனா போன வாரம் மாத்தின வண்டி ஆறு கிலோமீட்டர்தான் ஓடிச்சான்னு கேக்கலாம், பேட்டரி பில்லைக் கேக்கலாம். ரெண்டு மூணு நாள் அவரே வழக்கம்போல ஓட்டட்டும், ஹைவேல கொஞ்ச நேரம் சீரான ஸ்பீடுல போனா Catalyst சோதனை முடிஞ்சுடும், அப்புறம் டாங்கிளோட திரும்பப் போங்க, Complete ஆகி லைட்டும் வரலன்னா அவர் சொன்னது சரி, மறுபடியும் 6 கிலோமீட்டர்னு காட்டினா வேற வண்டி பாருங்க.